மெத்தையும் நனையாமல், முதுகும் நனையாமல்: வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டர் துணிகள் பற்றி

வாட்டர்ப்ரூஃப் மெத்தை ப்ரொடெக்டர் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. குழந்தை இரவில் படுக்கையை நனைத்தாலும் மெத்தைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் அதில் படுப்பவருக்கு நள்ளிரவுக்குமேல் முதுகு கசகசவென்று ஆகிவிடுகிறது. ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இதை அனுபவித்தவர்கள் வாட்டர்ப்ரூஃப் என்றாலே சூடுதான் என்று முடிவு கட்டி, ப்ரொடெக்டரைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.

அந்த முடிவு பாதிதான் சரி. எல்லா வாட்டர்ப்ரூஃப் துணியும் வியர்க்க வைப்பதில்லை. வியர்க்க வைப்பவையும் சூட்டைத் தேக்கி அதைச் செய்வதில்லை.

சூடு இல்லை, தேங்கும் ஈரம்

ஒரு ப்ரொடெக்டரில் தண்ணீரைத் தடுப்பது அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். நல்ல ரகங்களில் அதன் தடிமன் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர்தான். சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1 மில்லிமீட்டர் இருக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒன்று கம்பளிபோல உடல் சூட்டைப் பிடித்துவைக்க முடியாது. அடியில் இருக்கும் நான்கு அங்குல ஃபோமோ ஆறு அங்குல நார் மெத்தையோ தடுக்கும் சூட்டோடு ஒப்பிட்டால், படலம் தடுப்பது கணக்கிலேயே வராது.

அது தடுப்பது ஈரத்தை. நாம் வியர்க்காமல் அமைதியாகப் படுத்திருக்கும்போதும் தோல் வழியாக நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் ஈரமாகப் படாது. ஒரு சதுர மீட்டர் தோலிலிருந்து மணிக்குச் சுமார் 5 முதல் 10 கிராம்வரை இப்படிப் போகும். மல்லாந்து படுத்திருக்கும் பெரியவருக்கு மெத்தையில் பதியும் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்றும், மணிக்கு 8 கிராம் என்றும் வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் 25 கிராம் நீர் வெளியேறும். ஐந்து டீஸ்பூன் தண்ணீர். இது துளிகூட வியர்க்காதவருடைய கணக்கு.

உடம்பின் மேல்பக்கத்தில் வரும் ஈரத்தை ஃபேன் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மெத்தையில் அழுந்தியிருக்கும் பக்கத்துக்குக் காற்று வராது. அங்கே ஈரத்துக்கு இருப்பது கீழ்நோக்கிய வழிதான்: விரிப்பு, ப்ரொடெக்டர், மெத்தை. நடுவில் இருக்கும் படலம் நீராவியை விடாவிட்டால், அந்த ஐந்து டீஸ்பூனும் முதுகுக்கும் படலத்துக்கும் நடுவிலேயே தங்கும். தங்கும் இடத்தில் ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கியதும் தோலிலிருந்து நீர் ஆவியாவது ஏறக்குறைய நின்றுபோகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாதல் நின்றால் அந்தக் குளிர்ச்சியும் நின்றுவிடும். உடம்பு என்ன செய்யும்? குளிர்விக்க இன்னும் கொஞ்சம் வியர்க்கும். அதற்கும் போக வழியில்லை. பாதி இரவில் எழுந்து புரண்டு படுக்கும் அந்தப் புழுக்கம் இப்படித்தான் வளர்கிறது. படுத்த உடனே தெரியாமல் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே ப்ரொடெக்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீரைத் துளியாகத் தடுத்துக்கொண்டே ஆவியாக விடுமா என்பது. அது படலம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது.

ஆவியை விடாத படலங்கள்

நம் வீடுகளில் பழைய ஆள் ரப்பர் ஷீட். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துவரச் சொல்லும் பட்டியலில் இன்றும் இருக்கும். நர்ஸ்கள் மெக்கின்டாஷ் என்று சொல்வார்கள். துணியோடு ரப்பரைச் சேர்த்து நீர் புகாத துணி செய்யும் முறைக்கு 1823-இல் காப்புரிமை பெற்ற சார்ல்ஸ் மெக்கின்டாஷின் பெயர் அது. கனமானது, உறுதியானது, ஆவியை விடாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அதைப் படுக்கை முழுக்க விரிப்பதில்லை. இடுப்புப் பகுதியில் மட்டும் குறுக்காகப் போட்டு, மேலே மடித்த பருத்தித் துணி போடுவார்கள். முதுகின் மேல்பாதிக்கும் கால்களுக்கும் வழி திறந்தே இருக்கும். இந்த வழக்கம் பின்னால் சொல்லப்போகும் கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது.

அடுத்தது பி.வி.சி., கடைகளில் வினைல் என்றும் சொல்வார்கள். மலிவான ப்ரொடெக்டர்களில் அதிகம் இருப்பது இதுதான். புதிதாகப் பிரிக்கும்போது புது ஷவர் திரைபோல ஒரு வாசம் வரும், புரண்டால் சரசரக்கும். ஒரு நாள் முழுக்க ஒரு சதுர மீட்டர் வழியாக இது விடும் ஆவி சில பத்து கிராமைத் தாண்டாது. சாதாரண பாலித்தீன் இன்னும் குறைவாக விடும். வியர்க்காத முதுகுக்கே சதுர மீட்டருக்கு ஒரு நாளுக்கு 8 × 24 = 192 கிராம் போக வேண்டும். பற்றாக்குறை எவ்வளவு என்று பார்த்தாலே தெரியும். பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக நாளாகக் கசிந்து போவதால், அது விறைத்து மடிப்புகளில் வெடிக்கவும் செய்யும். வெடித்த பிறகு தண்ணீரையும் தடுக்காது.

பி.வி.சி. இல்லாதது என்று விற்கப்படும் பெவா என்ற ரகம் ஒன்று உண்டு. வாசம் குறைவு, குளோரின் சேர்க்கை கிடையாது. அந்த வகையில் நல்லதுதான். ஆவி விஷயத்தில் அது பி.வி.சி.யின் பங்காளி. பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை வியர்க்காது என்று படித்துவிடக் கூடாது.

ஆவியை விடும் படலங்கள்

இப்போது நல்ல ப்ரொடெக்டர்களில் வருவது பாலியூரித்தேன். பெட்டியில் பி.யு. என்றோ டி.பி.யு. என்றோ இருக்கும். இதில் ஓட்டையே கிடையாது. வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகாது. அதனால் ஊதிப் பார்த்துவிட்டு இது மூச்சு விடாது என்று கடையில் திருப்பிக் கொடுப்பது தவறு. ஓட்டை இல்லாமல் ஆவி எப்படிப் போகிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி.

பாலியூரித்தேன் மூலக்கூறு இரண்டு வகைத் துண்டுகள் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலி. கெட்டியான துண்டுகள் படலத்துக்கு வலிமை தரும். மென்மையான துண்டுகளில் நீரை விரும்பும் வேதிப் பகுதிகளை வைத்துச் செய்தால், நீர் மூலக்கூறுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகரும். தீப்பிடித்த கூரைக்கு ஊரே வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஈரம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு நீர் ஒவ்வொரு மூலக்கூறாகப் போய்ச் சேரும். கொட்டிய தண்ணீர் ஒரே ஓட்டமாக உள்ளே புக வழியில்லை.

எல்லா பாலியூரித்தேனும் இப்படிச் செய்யாது என்பதைக் கவனிக்க வேண்டும். மென்மையான துண்டுகள் நீரை விரும்பாத வகையாக இருந்தால் அதே டி.பி.யு. மிகக் குறைவாகத்தான் ஆவியை விடும். படலம் தடிமனாக ஆக வேகமும் குறையும். டி.பி.யு. என்ற மூன்று எழுத்து மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது. பி.வி.சி. இல்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

படலத்தைத் துணியில் சேர்க்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு. தனியாக வார்த்த படலத்தைப் புள்ளி புள்ளியாகப் பசை வைத்து ஒட்டினால், பசை இல்லாத இடமெல்லாம் ஆவிக்குத் திறந்திருக்கும். துணியின் முதுகில் பசை முழுக்கப் பூசி ஒட்டினாலோ, பி.யு.வைக் கூழாகத் தடிமனாகப் பூசி விட்டாலோ வழி சுருங்கும். கையில் எடுத்து மெதுவாகக் கசக்கிப் பாருங்கள். ஒட்டிய மெல்லிய படலம் துணியோடு துணியாக மடியும், சத்தம் வராது. தடித்த பூச்சு விறைப்பாக நின்று மெல்லிய ரெக்சின்போல இருக்கும்.

நுண்துளைப் படலம் என்று இன்னொரு குடும்பமும் இருக்கிறது. அதில் உண்மையிலேயே துளைகள் உண்டு, நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. குழந்தைகளின் டயப்பரின் வெளி உறை பெரும்பாலும் இந்த வகை. சுண்ணாம்புக் கல் தூள் கலந்த பாலித்தீனை இழுத்து நீட்டும்போது, தூளைச் சுற்றி நுண்ணிய இடைவெளிகள் உண்டாகும். ஆவியை நன்றாக விடும். ஆனால் சோப்புத்தூள் எச்சம் படிந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, துளைகள் வழியே ஈரம் கசிய வாய்ப்பு உண்டு. பலமுறை துவைக்கப்போகும் ப்ரொடெக்டருக்கு ஓட்டையில்லாத பாலியூரித்தேனே மேல்.

கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல்

நல்ல படலமுள்ள ப்ரொடெக்டரை வாங்கியும், குளிர் நாட்டு வாடிக்கையாளர்கள் புகழ்வதுபோல அது வேலை செய்யவில்லை என்று சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் சொன்னால் அது உண்மைதான். படலம் ஆவியைத் தானாகத் தள்ளுவதில்லை. இரண்டு பக்கமும் இருக்கும் நீராவி அழுத்த வித்தியாசம்தான் தள்ளுகிறது.

தோலுக்குப் பக்கத்தில் 34 டிகிரியில் காற்று முழு ஈரமாக இருந்தால் அங்கே நீராவி அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். அறை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று ஏ.சி. ஓடினால் அறைக் காற்றில் அது 1.6. வித்தியாசம் 3.7. அதே அறையில் மே மாத இரவு, ஏ.சி. இல்லை, 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அறைக் காற்றில் 3.2. வித்தியாசம் 2.1 மட்டுமே. ஒரே படலம், ஒரே ஆள், ஆனால் தள்ளும் விசை ஏறக்குறைய பாதியளவுக்கு இறங்கிவிட்டது. நடைமுறையில் இன்னும் குறையும், ஏனென்றால் ஆவி நேராக அறைக்குப் போவதில்லை. முதலில் மெத்தைக்குள் போகிறது. பகலெல்லாம் ஈரக் காற்றில் கிடந்த மெத்தை ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும்.

வெயில் காலத்தில் தேவையோ கூடுகிறது. வியர்க்கும் முதுகிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு 50 கிராம் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 1,200 கிராம் போக வேண்டும். வியர்க்காத நிலையின் 192 கிராமை எளிதாகச் சமாளிக்கும் படலம் இங்கே திணறும். எனவே ஏ.சி. இல்லாத கடலோர வீட்டில் எந்த வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டரும் வெறும் மெத்தைக்கு ஈடாகாது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

அந்தப் பெட்டி எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சதுர மீட்டருக்கு ஒரு நாளில் இத்தனை கிராம் ஆவி என்று சில நிறுவனங்கள் எழுதும். அது எந்தச் சோதனையில் வந்த எண் என்று இல்லாவிட்டால் பயனில்லை. கிண்ணத்தில் நீரை ஊற்றி மேலே துணியைக் கட்டி நிமிர்த்தி வைத்து அளப்பது ஒரு முறை. அதைக் கவிழ்த்து, நீர் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி அளப்பது இன்னொரு முறை. நீரை விரும்பும் பாலியூரித்தேன் கவிழ்த்த சோதனையில் பல மடங்கு பெரிய எண்ணைக் காட்டும். நீர் நேராகத் தொடும்போது படலம் ஊறி இன்னும் வேகமாகக் கடத்துவதுதான் காரணம். இரண்டு பிராண்டுகளின் எண்களை ஒப்பிட வேண்டுமானால் சோதனையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மேல் துணி செய்யும் வேலை

படலத்தைப் பற்றியே பேசுபவர்கள் மறப்பது மேலே இருக்கும் துணியை. அது ஒரு தற்காலிகத் தொட்டி. தோலிலிருந்து வரும் ஈரத்தை உறிஞ்சி, படலம் மெதுவாகக் கடத்தும்வரை வைத்திருக்கும்.

பருத்தி, காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும். காற்று மிக ஈரமாகும்போது இன்னும் 10 சதவீதம்போல எடுத்துக்கொள்ளும், அப்போதும் கைக்கு ஈரமாகப் படாது. டர்க்கி டவல் போன்ற நெசவில் 200 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள பருத்தி என்றால், ஒரு சதுர மீட்டரில் அந்தக் கூடுதல் 20 கிராம். மேலே 120 ஜி.எஸ்.எம். பருத்தி விரிப்பு போட்டால் இன்னும் 12 கிராம். மொத்தம் 32. வியர்க்காத முதுகு மணிக்கு 8 கிராம் விடுகிறது என்றால், ஆவியே போகாத பி.வி.சி. மேல் படுத்தாலும் முதல் நான்கு மணி நேரத்தைப் பருத்தி தாங்கிக்கொள்ளும். பதினொரு மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதன் கணக்கு இது. ஈரக் காற்றுள்ள ஊரில் பருத்தி படுக்கும்போதே கொஞ்சம் நிறைந்திருக்கும் என்பதால் அந்த நேரமும் சுருங்கும்.

பாலியஸ்டர் இதே நிலையில் வைத்திருக்கும் நீர் அதன் எடையில் 0.4 சதவீதம். 200 ஜி.எஸ்.எம். துணியில் ஒரு கிராம்கூட இல்லை. மைக்ரோஃபைபர் என்று மென்மையாக, தடவினால் வெல்வெட் மாதிரி இருப்பவை பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கடையில் கைக்கு இதமாக இருப்பதால் நிறைய பேர் அதைத்தான் எடுக்கிறார்கள். வெயில் ஊருக்கு அதைவிடத் தவறான தேர்வு கிடையாது. அடியில் மிக நல்ல படலம் இருந்தாலும், முதல் அரைமணியில் வரும் ஈரத்தை வாங்கி வைக்க அங்கே ஆளில்லை. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்த க்வில்ட் ரகம் இன்னும் மோசம், அதுதான் உண்மையிலேயே சூட்டையும் பிடிக்கும். மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். அதுவும் டென்செல் எனப்படும் லயோசெல்லும் பருத்தியைவிடக் கூடுதலாகவே ஈரத்தை வாங்கும். ஆனால் முன்னால் பெரிதாக மூங்கில் என்று போட்டுவிட்டு, லேபிளில் 60 சதவீதம் பாலியஸ்டர் என்று இருக்கும் துணிகள் ஏராளம். சின்ன எழுத்தைப் படியுங்கள். பருத்தி 80, பாலியஸ்டர் 20 என்ற கலப்பு பரவாயில்லை. டர்க்கி டவல் நெசவுக்கு வடிவம் கெடாமல் இருக்க அந்த 20 உதவும்.

வீட்டிலேயே அளந்து பார்க்க

சமையலறைத் தராசு, ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் மூன்று, ரப்பர் பேண்ட் இரண்டு போதும். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள், விளிம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் டம்ளரைத் திறந்தே விடுங்கள். இரண்டாவதன் வாயில் பாலித்தீன் பையை இழுத்துக் கட்டுங்கள். மூன்றாவதில் ப்ரொடெக்டரைக் கட்டுங்கள், துணிப் பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும், படலம் வெளியே. தண்ணீர் துணியைத் தொடக் கூடாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ப்ரொடெக்டரின் ஓரத்தில் மெத்தையைச் சுற்றிக் கீழே இறங்கும் எலாஸ்டிக் பகுதியில் பெரும்பாலும் படலமே இருக்காது, அது வெறும் பாலியஸ்டர் பின்னல். அதைக் கட்டினால் ஆவி தாராளமாகப் போகும், முடிவு ஏமாற்றும். திருப்பிப் பார்த்து, பளபளப்பான படலம் தெரியும் மேல்பகுதியைத்தான் கட்ட வேண்டும்.

மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே ஃபேனுக்கு அடியில் மூன்று நாள் வைத்துவிட்டு, துணியை அவிழ்த்து டம்ளரை மட்டும் நிறுங்கள். திறந்த டம்ளரில் 12 கிராம் குறைந்திருக்கிறது, ப்ரொடெக்டர் கட்டியதில் 7, பாலித்தீனில் ஒன்றுமில்லை என்றால் உங்களிடம் இருப்பது நல்ல படலம். திறந்த டம்ளரில் குறைந்ததில் பாதிக்குமேல் இருந்தால் ஏ.சி. அறைக்கு நிம்மதியாகப் போடலாம், ஏ.சி. இல்லாத அறைக்கும் சமாளிக்கலாம். கால் பங்குக்குக் கீழே இருந்தால், அட்டையில் பிரீதபிள் என்று எத்தனை முறை அச்சடித்திருந்தாலும் அது வியர்க்க வைக்கும். தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும் என்பதால்தான் மூன்று நாள். ஒரு நாளில் பார்த்தால் வித்தியாசம் தராசின் பிழைக்குள் காணாமல் போய்விடும்.

அவசரத்துக்கு இன்னொன்று உண்டு. டம்ளரில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலான தண்ணீர் ஊற்றி, மேலே ப்ரொடெக்டரை விரித்து, அதன்மேல் உலர்ந்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனித்தால் ஆவி போகிறது. எவ்வளவு போகிறது என்பதை இது சொல்லாது.

நல்ல ப்ரொடெக்டரும் வியர்க்க வைக்கும்போது

சோதனையில் தேறிய ப்ரொடெக்டர் படுக்கையில் தோற்றால், முதலில் மெத்தையின் ஜிப்பைத் திறந்தோ ஓரத்தைத் தூக்கியோ பாருங்கள். புது மெத்தையோடு வந்த பாலித்தீன் உறையை, அழுக்காகாமல் இருக்கட்டும் என்று கழற்றாமலேயே வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் அதிகம். மேலே ஆயிரம் கிராம் விடும் படலம் இருந்து என்ன பயன், அடியில் இருக்கும் பாலித்தீன் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அடுக்கடுக்காக இருக்கும்போது எது மிகக் குறைவாக விடுகிறதோ அதுதான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும். பழைய ரெக்சின் உறையும் இதே வேலையைச் செய்யும். நல்ல ப்ரொடெக்டருக்கு அடியில் பழைய பி.வி.சி. ஒன்றைப் பாதுகாப்புக்குப் பாதுகாப்பாக விரித்திருப்பதும் அப்படித்தான்.

இரண்டாவது, தலைகீழாகப் போடுவது. தண்ணீரைத் தடுக்கும் பக்கம்தானே மேலே வர வேண்டும் என்று படலத்தை மேலே வைத்து விரிப்பவர்கள் உண்டு. படலம் அப்போதும் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை வாங்கும் பருத்தி தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது, விரிப்பும் வழுக்கிக்கொண்டே இருக்கும். துணி மேலே, படலம் மெத்தையைப் பார்த்து.

மூன்றாவது, மெத்தையே. மெமரி ஃபோம் உடலை அமிழ்த்திப் பக்கவாட்டையும் மூடுவதால் காற்றுப் படாத பரப்பு கூடும். அதன்மேல் எந்த ப்ரொடெக்டர் போட்டாலும் இலவம்பஞ்சு மெத்தையிலோ தேங்காய் நார் மெத்தையிலோ இருப்பதைவிடப் புழுக்கமாகத்தான் இருக்கும். அந்த வீடுகளில் மேலே ஒரு தடித்த பருத்திப் போர்வையை மடித்து விரிப்பது, விலை உயர்ந்த ப்ரொடெக்டருக்கு மாறுவதைவிட அதிகம் உதவும். காலையில் எடுத்து வெயிலில் உதறிப் போட்டால் தொட்டி காலியாகி அடுத்த இரவுக்குத் தயார்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்குக் கசகசப்பு வெறும் அசௌகரியம் அல்ல. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரியும், படுக்கைப் புண் வர அதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு முழு நீள பி.வி.சி. வேண்டவே வேண்டாம். ஆவி விடும் ப்ரொடெக்டரை மெத்தைக்கு மாட்டி, இடுப்புக்கு அடியில் மட்டும் துவைக்கக்கூடிய உறிஞ்சு விரிப்பைப் போட்டு, நனைந்த உடனே அதை மாற்றுவதுதான் சரி. பழைய ரப்பர் ஷீட் வழக்கத்தின் தர்க்கமும் இதுதான், இப்போது அதற்கு நல்ல பொருள் கிடைக்கிறது.

துவைப்பதும் கெட்டுப்போவதும்

பாலியூரித்தேன் படலத்தின் எதிரி சூடு. 40 டிகிரிக்குமேல் துவைக்க வேண்டாம். இஸ்திரி போட்டால் படலம் உருகிச் சுருங்கிவிடும், ஒட்டிய பசையும் விடும். ப்ளீச் படலத்தை அரிக்கும். துணி மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகைத் திரவங்கள் பருத்தியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து அது ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும், பிறகு ப்ரொடெக்டர் பழையபடி இல்லையே என்று தோன்றும்.

வாஷிங் மெஷினில் போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. குறிப்பாக டாப் லோடில், நீர் புகாத துணிக்குள் தண்ணீர் குமிழாக மாட்டிக்கொள்ளும். வேகமாகச் சுழலும்போது அது திடீரென்று இடம் மாறினால் டிரம் சமநிலை இழந்து மெஷினே குதிக்கும், உடைந்தும் போகலாம். பல மெஷின் கையேடுகளில் நீர் புகாத துணிகளைப் போடாதே என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். கையேடு அனுமதித்தால் மட்டும், சுழல் வேகத்தை மிகக் குறைவாக வைத்துப் போடுங்கள். இல்லையென்றால் வாளியில் அலசி, முறுக்காமல் கொடியில் தொங்கவிட்டு நீரை வடிய விடுங்கள். காயும்போது துணிப் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். படலத்தின்மேல் நேர் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் மஞ்சளாகி நொறுங்கும்.

நம் ஊர் ஈரமும் சேர்ந்து வேலை பார்க்கும். சில வகை பாலியூரித்தேனில் இருக்கும் இணைப்புகளை, சூடும் ஈரமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் மடித்து வைத்த ப்ரொடெக்டரை எடுத்தால் படலம் பிசுபிசுவென்று தன்னோடு தானே ஒட்டியிருப்பதும், பிரித்தால் செதில் செதிலாக வருவதும் இதனால்தான். பயன்படுத்தாமல் வைத்தாலும் இது நடக்கும். ஆகவே தள்ளுபடியில் கிடைக்கிறது என்று நாலைந்து வாங்கிச் சேர்த்து வைப்பதில் அர்த்தமில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை, இடுப்பு வரும் இடத்தில் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை அடியில் வைத்து, மேலே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். பத்து நிமிடம் கழித்துத் தாளை எடுத்துப் பாருங்கள். ஊன்றி அழுத்துவது முக்கியம், ஏனென்றால் சும்மா நிற்கும் தண்ணீரைத் தாங்கும் பழைய படலம், முழங்கை ஊன்றி எழும்போது வரும் அழுத்தத்தில் கசியும். தாளில் ஊசிமுனைப் புள்ளிகளாக ஈரம் தெரிந்தால் படலத்தில் நுண்ணிய விரிசல் விழத் தொடங்கிவிட்டது. டேப் ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஒட்டிய இடம் அடுத்த துவைப்பில் பிய்ந்து, விரிசலைப் பெரிதாக்கிவிட்டுப் போகும்.